மைல் பாதி, காசு பாதி

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அடிக்கடி போய்வருகிறவர்கள் பலரிடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்கு இருக்கும். அதில் கொஞ்சம் மைல்களும் சேர்ந்திருக்கும். ஆனால் டிக்கெட் எடுக்கப் போனால் எப்போதும் ஆயிரம், இரண்டாயிரம் மைல் குறையும். அந்த இடத்தில் விமான நிறுவனம் இரண்டு கதவுகளைத் திறந்து வைக்கிறது. இரண்டிலும் மைலும் போகும், காசும் போகும். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

முதல் கதவில் நீங்கள் எடுப்பது சாதாரண டிக்கெட். கட்டணத்தின் ஒரு பகுதியை மைலாகக் கழித்துக்கொள்ளலாம். இங்கே மைலுக்கு ஏறத்தாழ நிலையான விலை உண்டு: ஒரு மைலுக்குச் சுமார் ஒரு சிங்கப்பூர் காசு. ஆயிரம் மைல் கொடுத்தால் பத்து வெள்ளி குறையும். டிக்கெட் மலிவானாலும் விலை கூடினாலும் இந்த மதிப்பு பெரிதாக மாறாது.

இரண்டாவது கதவில் நீங்கள் எடுப்பது மைலுக்கென்றே ஒதுக்கிய இருக்கை. அதற்கு இத்தனை மைல் என்று அட்டவணை இருக்கிறது. கணக்கில் குறைவதை அங்கேயே விலை கொடுத்து வாங்கி நிரப்பலாம். இதைத்தான் டாப்-அப் என்கிறார்கள். வரியைத் தனியாகக் கட்ட வேண்டும்.

டாப்-அப் விலையை ஆயிரம் மைலுக்கு 40 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு மைலுக்கு ஐந்து சிங்கப்பூர் காசுக்கு மேல். முதல் கதவில் நம் மைலை ஒரு காசுக்கு எடுத்துக்கொள்கிற அதே நிறுவனம், இரண்டாவது கதவில் ஐந்து காசுக்கு விற்கிறது. பழைய பேப்பர் கடைக்காரர்கூட இவ்வளவு வித்தியாசம் வைக்க மாட்டார்.

அப்படியானால் டாப்-அப் நஷ்டம்தானா? அவசரப்பட வேண்டாம். ஒரு சாதாரண வகுப்புப் பயணத்தைப் பார்ப்போம். எண்களைச் சுலபத்துக்காக முழுமைப்படுத்தியிருக்கிறேன். காசுக்கு எடுத்தால் டிக்கெட் 350 வெள்ளி. மைலுக்கு எடுத்தால் 20,000 மைலும் 70 வெள்ளி வரியும். உங்களிடம் இருப்பது 18,000 மைல்.

குறையும் 2,000 மைலை வாங்க 80 டாலர், அதாவது சுமார் 104 வெள்ளி ஆகும். வரியோடு சேர்த்துக் கையிலிருந்து போவது 174 வெள்ளி. அதே 18,000 மைலை முதல் கதவில் கொடுத்தால் 180 வெள்ளி கழியும், மிச்சம் 170 வெள்ளி கட்ட வேண்டும். நான்கு வெள்ளிதான் வித்தியாசம். ஆனால் முதலாவது சாதாரண டிக்கெட் என்பதால், மைல் இருக்கை கிடைக்குமா என்று தேடி அலைய வேண்டியதில்லை. பல நிறுவனங்களில் அந்தப் பயணத்துக்குப் புதிதாக மைலும் சேரும். ஆகவே மலிவான டிக்கெட்டுக்கு டாப்-அப் வேண்டாம்.

பிசினஸ் வகுப்புக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. டிக்கெட் 1,300 வெள்ளி, மைலுக்கு எடுத்தால் 45,000 மைலும் 70 வெள்ளி வரியும் என்று வையுங்கள். உங்களிடம் 43,000 இருக்கிறது. அதே 2,000 மைலை அதே 104 வெள்ளிக்கு வாங்கினால், மொத்தம் 174 வெள்ளியில் பிசினஸ் இருக்கை வருகிறது. மிச்சமாகும் 1,126 வெள்ளியை 43,000 மைலால் வகுத்தால், மைலுக்கு இரண்டரைக் காசுக்கு மேல் கிடைக்கிறது. முதல் கதவில் அதே 43,000 மைலுக்குக் கழிவு 430 வெள்ளிதான்.

சரிதானா என்று பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. காசு டிக்கெட்டின் விலையிலிருந்து, வரியையும் டாப்-அப் செலவையும் கழியுங்கள். மிச்சத்தை, கணக்கிலிருந்து போகும் உங்கள் சொந்த மைல்களால் வகுங்கள். ஒரு காசைத் தெளிவாகத் தாண்டினால் வாங்கலாம். தாண்டாவிட்டால் முதல் கதவுதான். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். காசு கொடுத்து ஒருபோதும் பிசினஸில் போகாதவருக்கு 1,300 வெள்ளி என்பது உண்மையான சேமிப்பு அல்ல. அவர் மனத்தில் அந்த இருக்கைக்கு என்ன விலை கொடுப்பாரோ, அதைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியாஸ் புள்ளிகளில் இதே விஷயம் வேறு வேடத்தில் வருகிறது. ஒரே இருக்கைக்குப் புள்ளி கூட, காசு குறைவு என்றும், புள்ளி குறைவு, காசு கூட என்றும் பல கலவைகளைக் காட்டுவார்கள். அடுத்தடுத்த இரண்டு கலவைகளை எடுத்து, கூடும் காசை, குறையும் புள்ளிகளால் வகுத்தால், அந்தப் புள்ளிகளை என்ன விலைக்கு உங்களுக்கு விற்கிறார்கள் என்பது வெளியே வந்துவிடும்.

கிரெடிட் கார்டு புள்ளிகளை மைலாக மாற்றியும் பற்றாக்குறையை நிரப்பலாம். பெரும்பாலும் அதுதான் மலிவு. ஆனால் வங்கிகள் பெரிய கட்டுகளாகத்தான் மாற்றித் தரும், கட்டணமும் உண்டு, மைல் வந்துசேரச் சில நாள் ஆகலாம். அதற்குள் இருக்கை போய்விடலாம், மாற்றியதைத் திரும்பப் பெறவும் முடியாது.

கிரிஸ்ஃப்ளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். கைவசம் இருப்பவை அடுத்த மாதம் போய்விடும், பெரிய பயணம் எதுவும் இல்லை என்றால், ஒரு காசு விலையே போதும். தயங்காமல் அடுத்த டிக்கெட்டில் கழித்துவிடுங்கள்.