தந்திக் கம்பி ஏன் மினுக்குகிறது?

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ கணினிக்கு வந்தது 2019 நவம்பரில். அதன் கிராபிக்ஸ் மெனுவைத் திறந்தால் TAA, FXAA, MSAA என்று மூன்று பெயர்கள் இருக்கும். மூன்றும் ஒரே கோளாறைச் சரிசெய்ய வந்தவை; பொதுவாக ஆன்டி-அலையாசிங் என்பார்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் மூன்றையும் உச்சத்தில் வைத்துவிட்டு, படம் ஏன் மங்கலாக இருக்கிறது, விளையாட்டு ஏன் திணறுகிறது என்று குழம்புகிறார். இவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப் போடும் மருந்துகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. எது எதை எடுத்துக்கொள்கிறது என்பதை அந்த விளையாட்டிலேயே உள்ள ஒரு சின்னப் பொருளை வைத்துப் பார்த்துவிடலாம்: ரயில் பாதையை ஒட்டி ஓடும் தந்திக் கம்பி.

கதை நடப்பது 1899-இல். கம்பியின் தடிமன் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் 50 மீட்டர் தள்ளி நிற்கிறோம். கேமரா பக்கவாட்டில் 90 டிகிரி பார்க்கிறது என்றால், அந்தத் தூரத்தில் திரை காட்டும் அகலம் 100 மீட்டர். 1080p திரையில் குறுக்காக 1920 பிக்சல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பிக்சலுக்கு 5.2 சென்டிமீட்டர் வருகிறது. கம்பியோ 2 சென்டிமீட்டர்தான். அதாவது ஒரு பிக்சலில் நூற்றுக்கு 38 பங்கு.

கிராபிக்ஸ் கார்டு ஒரு பிக்சலின் நடுவில் ஒரே ஒரு புள்ளியை எடுத்து, ‘இந்த இடத்தில் என்ன இருக்கிறது?’ என்று பார்க்கிறது. கம்பி அந்தப் புள்ளிமேல் விழுந்தால் முழுப் பிக்சலும் கறுப்பு. விழாவிட்டால் முழுப் பிக்சலும் வானம். ‘38 பங்கு கறுப்பு’ என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. லேசாகத் தொய்ந்து சாய்ந்து போகும் கம்பி சில பிக்சல்களின் நடுப்புள்ளியைத் தொடும், சிலவற்றைத் தொடாது. அதனால் அது துண்டு துண்டாகத் தெரிகிறது. தடித்த பொருளாக இருந்தால் விளிம்பில் ரம்பப் பற்கள் மட்டும் தெரியும். மெல்லிய பொருளோ காணாமலே போய்விடும். நாம் ஓரடி நகர்ந்தால் எந்தத் துண்டு தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பது மாறிவிடுகிறது. கம்பி முழுக்க எறும்பு ஊர்வதுபோல ஒரு மினுமினுப்பு. ரம்பப் பற்களைக் கண் பழகிக்கொள்ளும். இந்த மினுமினுப்பு அப்படியல்ல. திரையின் ஓரத்தில் நடந்தாலும் கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

நேர்மையான வழி, ஒரு புள்ளிக்குப் பதிலாகப் பல புள்ளிகளைக் கேட்பது. MSAA 4x அதைத்தான் செய்கிறது. ஒரு பிக்சலுக்குள் நான்கு புள்ளிகள். அவற்றின் உயரங்கள் பிக்சலின் கால் பங்கு இடைவெளியில் அமைந்திருக்கும். நம் கம்பி பிக்சலில் 38 பங்கு தடிமன், இடைவெளி 25 பங்கு. ஆகவே கம்பி எங்கே போனாலும் ஒரு புள்ளியையாவது, சில இடங்களில் இரண்டையும், தொட்டே தீரும். கம்பி அறுபடவே அறுபடாது. 2x வைத்தால் இடைவெளி 50 பங்கு ஆகிவிடுகிறது. சில இடங்களில் கம்பி தப்பிவிடும். அதேபோல 4x-இலும் நூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றால் கம்பி 19 பங்குதான், மறுபடி அறுபடத் தொடங்கும். MSAA-வின் பலமும் எல்லையும் இந்தக் கணக்கில் அடங்கிவிட்டன. மங்கல் இல்லை, பொருளின் உள்பகுதி துளிகூடக் குழையாது, ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கைக்கு மேல் அது சாதிக்காது.

அதன் சிக்கனம் எங்கே என்றால், ஒரு பொருள் எந்தெந்தப் புள்ளிகளை மூடுகிறது என்று மட்டும் நான்கு முறை பார்த்துவிட்டு, நிறத்தை ஒரே முறைதான் கணக்கிடுகிறது. பலவீனமும் அதே இடத்தில்தான். ஈரப் பாறையில் பளிச்சிடும் சூரிய ஒளி, துப்பாக்கி உலோகத்தின் மினுக்கு இவையெல்லாம் பொருளின் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கின்றன. அங்கே ஒரே புள்ளிதான். மினுமினுப்பு அப்படியே நிற்கும். மர இலைகளிலும் இதே தொல்லை. விளையாட்டில் ஓர் இலை என்பது பெரும்பாலும் ஒரு தட்டையான சதுரத் தாள். அதில் இலை இல்லாத பகுதியை அழித்துவிடுகிறார்கள். MSAA-வுக்குத் தெரிவது அந்தத் தாளின் விளிம்பு; இலையின் விளிம்பைக் காட்ட அதற்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

செலவுக்கு வருவோம். இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவும் ஒளியை உடனே கணக்கிடுவதில்லை. முதலில் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம், பரப்பு திரும்பியிருக்கும் திசை, சொரசொரப்பு, தூரம் இவற்றைத் தனித்தனிப் படங்களாக எழுதிவைத்து, பிறகு மொத்தமாக ஒளியைச் சேர்க்கின்றன. பிக்சலுக்கு 20 பைட் என்றே வைத்தாலும் 1080p-க்கு ஏறக்குறைய 41 எம்பி. 4x MSAA போட்டால் எல்லாமே நான்கு மடங்கு, 166 எம்பி. 4K திரையில் அதுவே 660 எம்பி-யைத் தாண்டும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இதை எழுதி, திரும்பப் படிக்க வேண்டும். விளிம்பு உள்ள பிக்சல்களில் ஒளிக் கணக்கையும் பல முறை போட வேண்டும்; காட்டுக்குள் நின்றால் திரை முழுக்க விளிம்புதான். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டும் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பதே 16.7 மில்லிநொடி. அதில் பெரும் பகுதியை MSAA விழுங்கிவிட்டு, இலைகளையும் பளபளப்பையும் அப்படியே விட்டுவைத்தால் யாருக்கு லாபம்? அதற்காக MSAA-வை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’ ஒளியை அந்தந்தப் பொருளை வரையும்போதே கணக்கிடும் பழைய முறையில் ஓடுகிறது. அங்கே இலைக்காடும் குறைவு, மங்கலுக்கும் இடமில்லை. அந்த விளையாட்டில் MSAA 4x இன்றும் நல்ல தேர்வு.

FXAA-வைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. என்விடியாவில் இருந்த திமோதி லாட்டஸ் உருவாக்கியது. முடிந்த படத்தை எடுத்து, வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைத் தேடி அங்கே லேசாகக் குழைத்துவிடும். செலவு மிகக் குறைவு. பழைய கார்டுகூடத் தாங்கும். ஆனால் அறுபட்ட கம்பியை அது ஒட்டவைக்காது. படத்தில் இல்லாத தகவல் அதற்கு எங்கிருந்து கிடைக்கும்? அறுபட்ட துண்டுகளின் முனைகளை மழுக்கும், மினுமினுப்பு தொடரும். கூடவே எழுத்துகளும் துணியின் நெசவும் விளிம்பு என்று கருதப்பட்டுக் குழைந்துபோகும்.

மீதமிருப்பது TAA. எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் பிரையன் கேரிஸ் 2014 சிக்கிராஃப் மாநாட்டில் அன்ரியல் எஞ்சின் 4-க்காக விளக்கிய பிறகு இது பரவலானது. ஒரே ஃப்ரேமில் பல புள்ளிகளைக் கேட்பதற்குப் பதில், ஃப்ரேமுக்கு ஒரு புள்ளி மட்டும் கேட்கிறது. ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்தப் புள்ளியைப் பிக்சலுக்குள் கொஞ்சம் தள்ளிவைக்கிறது. எட்டு ஃப்ரேம்களில் எட்டு இடங்கள். பழைய ஃப்ரேம்களின் சேர்மானத்தோடு புதியதைப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ கலக்கிறது. நாம் அசையாமல் நின்றால் நம் தந்திக் கம்பி 38 பங்கு கறுப்பு என்ற சரியான சாம்பல் நிறத்துக்கு வந்து நிற்கும். இலை, ஈரப் பாறை, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு பொருந்தும். செலவும் MSAA-வோடு ஒப்பிட்டால் அற்பம்.

நகரத் தொடங்கும்போதுதான் வில்லங்கம். இந்தப் பிக்சலில் இப்போது இருக்கும் பொருள் போன ஃப்ரேமில் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து பழைய நிறத்தை எடுத்துவர வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் ஒரு பிக்சலின் நடுவில் விழாது. பக்கத்து நான்கின் சராசரியை எடுப்பார்கள். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் சராசரியின் சராசரி எடுத்தால் படம் குழைகிறது. குதிரையில் பாயும்போது ‘ரெட் டெட் 2’-இன் புல்லும் புதரும் எண்ணெய் தடவியதுபோல ஆவதற்கு முக்கியக் காரணம் இது. பறவை பறந்து விலகியதும் அதன் பின்னால் இருந்த வானத்துக்குப் பழைய நிறமே கிடையாது. தவறாகப் பறவையின் நிறத்தையே எடுத்தால் வால்போல ஒரு நிழல் தொடரும். அதைத் தடுக்க, பழைய நிறம் இப்போதைய சுற்றுப் பிக்சல்களின் நிற வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதித்து, வரம்புக்கு வெளியே போனதை வெட்டிவிடுகிறார்கள். மெல்லிய கம்பி சில ஃப்ரேம்களில் எந்தப் புள்ளியிலும் படாமல் போனால், சரியான பழைய நிறமும் சேர்ந்தே வெட்டுப்படும். நிழலை ஒழித்தால் மினுமினுப்பு கொஞ்சம் திரும்புகிறது. மினுமினுப்பை ஒழித்தால் நிழல் தொடர்கிறது.

வேகம் குறைந்தாலும் TAA கெடும். எட்டு ஃப்ரேம் என்பது 60-இல் 0.13 நொடி, 30-இல் 0.27 நொடி. பழைய தகவல் அவ்வளவு பழையதாகிவிடுகிறது. திரையின் பிக்சல் குறைந்தால் இன்னும் மோசம். 4K-இல் கண்ணுக்குத் தெரியாத குழைவு 1080p-இல் அப்பட்டமாகத் தெரியும்.

அப்படியானால் அணைத்துவிடலாமே என்று தோன்றும். ‘ரெட் டெட் 2’-இல் அணைத்துப் பாருங்கள். கதாநாயகன் ஆர்தரின் தலைமுடியும் தாடியும் புள்ளி புள்ளியாகப் பொரிந்து நிற்கும். முடியை அரைகுறை ஒளிபுகும்படி வரைவது செலவு என்பதால், சில பிக்சல்களை வரைந்து சிலவற்றை விட்டுவிடுகிறார்கள். TAA அவற்றைக் கலந்து மென்மையாக்கும் என்ற நம்பிக்கையில் கட்டிய விளையாட்டு அது. இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவும் இப்படித்தான். விரும்புகிறவர்கள் அணைத்துக்கொள்ளட்டும் என்ற நிலையை உருவாக்கியவர்களே மூடிவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

என்விடியாவின் DLSS இதே TAA-வின் வழியில் வந்தது. எந்தப் பழைய நிறத்தை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்பதை நிலையான விதிக்குப் பதில் பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க் தீர்மானிக்கிறது. ‘ரெட் டெட் 2’-க்கு 2021 ஜூலையில் வந்தது. குறைந்த பிக்சல்களில் வரைந்து பெரிதாக்குவதால் வேகமும் கூடும். பிக்சலைக் குறைக்காமல் அதே முறையைப் பயன்படுத்தும் DLAA சில விளையாட்டுகளில் உண்டு. கார்டில் தெம்பு இருந்தால் TAA-வுக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அசையாத படத்தில் TAA எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஆன்டி-அலையாசிங் இல்லாத படத்தில் மினுமினுப்பு தெரியவே தெரியாது. ரயில் பாதை ஓரமாக மெதுவாக நடந்தபடி கம்பியைப் பாருங்கள். கேமராவை இலேசாகத் திருப்பி மரங்களைப் பாருங்கள். பிறகு குதிரையில் பாய்ந்து, நின்றதும் படம் ‘கூர்மை பிடிக்கும்’ அந்தக் கணத்தைக் கவனியுங்கள். நின்றவுடன் படம் தெளிவது கண்ணுக்குத் தெரிந்தால், ஓடும்போது அவ்வளவு விவரம் பறிபோகிறது என்று பொருள்.

1080p திரையில் இந்த விளையாட்டை ஆடுகிறவருக்கு என் பரிந்துரை: TAA-வை வைத்துக்கொள்ளுங்கள், FXAA-வையும் MSAA-வையும் அணைத்துவிடுங்கள். TAA Sharpening-ஐக் கொஞ்சமாக ஏற்றுங்கள். அதிகமானால் கம்பியைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரியும், மினுமினுப்பும் எழும்பும். கார்டில் மிச்சமிருக்கும் சக்தி முழுவதையும் Resolution Scale-இல் போடுங்கள். இரு பக்கமும் ஒன்றரை மடங்கு என்றால் பிக்சல்கள் 2.25 மடங்கு, செலவு அதிகம்தான், ஆனால் குதிரை ஓடும்போதும் புல் புல்லாகத் தெரிவதற்கு இந்த விளையாட்டில் அதைவிட நல்ல வழி இல்லை.