நேரம் குறித்தவர்கள் எங்கே போனார்கள்?

இணையவழி டியூஷன் நடத்துபவர்கள், பெற்றோர் சேராவிட்டால் முதலில் கட்டணத்தைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெற்றோர் வரும் பாதையைப் படிப்படியாக வரைந்து, ஒவ்வொரு படியிலும் தலையை எண்ணினால் வேறு கதை தெரியும்.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரே வாரத்தில் விளம்பரத்தைத் தட்டியவர்கள் 200 பேர். இலவச மாதிரி வகுப்புக்கு நேரம் குறித்தவர்கள் 50. வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள் 18. சேர்ந்தவர்கள் 9. முதல் படியில் உதிர்பவர்களில் பலர் சும்மா தட்டிப் பார்த்தவர்கள், விட்டுவிடலாம். உறுத்த வேண்டியது, நேரம் குறித்தும் வராத அந்த 32 பேர்தான். அவர்களிடம் கட்டணப் பேச்சே இன்னும் எழவில்லை.

எண் இடத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. பத்துப் பேரையாவது போனில் கூப்பிட்டு, “அன்னைக்கு என்ன ஆச்சுங்க?” என்று கேட்க வேண்டும். “லிங்க் அவங்கப்பா போனுக்கு வந்துச்சுங்க, அவர் ஆபீஸ்ல இருந்தார்” என்று ஓர் அம்மா சொல்லக்கூடும். அதற்கு மருந்து தள்ளுபடி அல்ல. வகுப்பு நேரத்தில் பிள்ளையிடம் எந்த போன் இருக்கும் என்று பதியும்போதே கேட்டு, அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கும் லிங்கை அனுப்ப வேண்டும். பிறகு, அடுத்த வாரம் பதிபவர்களை வைத்து அந்த ஒரு படியை மறுபடி எண்ண வேண்டும்.