விலைக் குறைப்பு வேண்டி ஒரு மின்னஞ்சல்

பொருள் வழங்குபவரிடம் விலையைக் குறைக்கக் கேட்டு எழுதும் மின்னஞ்சல் மிரட்டலாகத் தொனிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சொற்கள் அல்ல. கேட்பவர் பதிலுக்கு எதையும் தர முன்வராமையே. ஆகவே, எழுதுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும்.

கோலார் மாவட்டம் பூதிகோட்டையிலிருந்து தக்காளியை அட்டைப் பெட்டிகளில் அனுப்பும் சிறு வணிகர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாதம் 5,000 பெட்டிகள். பெட்டி 24 ரூபாய். ஆக 1,20,000 ரூபாய். பணம் செலுத்த 45 நாள் அவகாசம். சரக்கு மாதம் நான்கு நடையாக வருகிறது. நடைக்கு 1,500 ரூபாய் வண்டி வாடகை உற்பத்தியாளரின் செலவு.

வணிகர் 7 நாளில் பணம் கொடுத்தால், 38 நாள் முன்னதாக உற்பத்தியாளர் கைக்குப் பணம் வரும். அவர் 12 சதவீத வட்டிக்குக் கடன் பெறுபவரானால் மிச்சம் ஏறத்தாழ 1,500 ரூபாய். நடைகள் இரண்டாகக் குறைந்தால் வாடகையில் 3,000 ரூபாய் மிச்சம். மொத்தம் 4,500 ரூபாய். அதாவது பெட்டிக்கு 90 காசு. அதில் 60 காசைக் கேட்பது நியாயம், மீதி அவருக்கே.

வணிகரும் தம் செலவைப் பார்க்க வேண்டும். முன்கூட்டிச் செலுத்த 10 சதவீத வட்டிக்கு ரொக்கக் கடன் எடுத்தால் சுமார் 1,250 ரூபாய் செலவாகும். கிடைக்கும் 3,000 ரூபாய்க் குறைப்பில் அது போக 1,750 ரூபாய் நிற்கும். இரட்டிப்புச் சரக்கை ஈரம்படாமல் அடுக்க இடமில்லையெனில் இத்திட்டம் உதவாது.

இனி மடல்:

பொருள்: ஜூலை முதல் பெட்டி விலை குறித்து

"ஐயா, வணக்கம். தங்கள் பெட்டிகளின் தரம் எங்களுக்கு நிறைவளிக்கிறது. ஜூலை முதல் மூன்று மாதங்களுக்குச் சரக்கை மாதம் இரண்டே நடையாகப் பெற்றுக்கொண்டு, 7 நாளில் பணம் செலுத்த விரும்புகிறோம். இவற்றைக் கருதி, பெட்டி விலையை 23.40 ரூபாயாக நிர்ணயிக்க இயலுமா? கட்டுப்படியாகாதெனில், எந்த விலை இயலும் எனத் தெரிவிக்க வேண்டுகிறோம். 20ஆம் தேதிக்குள் பதில் கிடைத்தால் அடுத்த கொள்முதல் ஆணையில் சேர்த்துவிடுவோம்."

இம்மடலில் "விலை அதிகம்" என்ற குறை இல்லை. வேறிடம் போவோம் என்ற எச்சரிக்கையும் இல்லை. தேதிக்குக் காரணம் சொல்லப்பட்டிருப்பதால் அது கெடுவாகத் தோன்றாது. "கொஞ்சம் குறையுங்கள்" என்று எழுதியிருந்தால், பத்துக் காசு குறைத்து அவர் பேச்சை முடித்திருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. பதிவுபெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாள்தான். எனவே 60 நாள் இழுத்தடித்தவர் "இனி 45 நாளில் தருகிறோம்" என்று எழுதுவது சலுகையாகாது.

ஒப்புதல் வந்ததும் விலை, நடை, தவணை மூன்றையும் கொள்முதல் ஆணையில் எழுதிவிட வேண்டும். முதல் பட்டியலுக்கே ஏழாம் நாள் தவறினால், பழைய விலை திரும்புவதை எந்த மடலாலும் தடுக்க இயலாது.