ஹோட்டல் வேலைக்கு ஒரு பக்கக் கடிதம்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்த ஒருவர் நட்சத்திர ஹோட்டலில் இரண்டு விதமாகச் சேரலாம். வரவேற்பிலோ கிச்சனிலோ ரெஸ்டாரண்டிலோ நேரடியாக ஊழியராகச் சேர்வது ஒன்று. 'மேனேஜ்மென்ட் டிரெய்னி'யாகச் சேர்வது இன்னொன்று. இப்படிச் சேர்பவரை நிறுவனத்தைப் பொறுத்து ஓராண்டு முதல் 2 ஆண்டு வரை துறை துறையாக அனுப்பி வேலை பழக்குவார்கள். பயிற்சி முடிந்ததும் உதவி மேலாளர் போன்ற பொறுப்பைத் தருவார்கள். இருபத்திரண்டு வயதில் பதினைந்து வருட அனுபவசாலிகளை வழிநடத்த வேண்டிய வேலை இது. ஆகவே விண்ணப்பத்தைப் புரட்டும் பயிற்சி மேலாளர் மனதில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை முதலில் அந்த அனுபவசாலிகளோடு நின்று வேலை செய்யுமா, பிறகு அவர்களுக்கு வேலை சொல்லுமா?

மதிப்பெண்ணும் படித்த கல்லூரியும் பயோடேட்டாவிலேயே இருக்கின்றன. மேலே சொன்ன கேள்விக்குப் பதில் அதில் இல்லை. அதைச் சொல்ல இருக்கும் ஒரே இடம், அதோடு இணைத்து அனுப்பும் ஒரு பக்கக் கவர் லெட்டர்தான். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் எப்படி இருக்கின்றன? "விருந்தோம்பலில் எனக்குத் தீராத ஆர்வம். கடினமாக உழைப்பேன். குழுவோடு இணைந்து செயல்படுவேன். புகழ்பெற்ற உங்கள் நிறுவனத்தில் ஒரு வாய்ப்புத் தாருங்கள்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதே வகுப்பில் படித்த நாற்பது பேரும் இதையே எழுதலாம் என்பதால், படிப்பவருக்கு எழுதியவரைப் பற்றி ஒன்றுமே தெரிவதில்லை.

இந்த மாணவர்கள் எல்லோரிடமும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். சென்னை தரமணியில் இருக்கும் மத்திய அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரியை எடுத்துக்கொண்டாலும், மற்ற கல்லூரிகளை எடுத்துக்கொண்டாலும், படிப்பின் நடுவே பல மாதம் உண்மையான ஹோட்டல் ஒன்றில் பயிற்சி உண்டு. பிரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், எஃப் அண்ட் பி சர்வீஸ் என நான்கு துறைகளிலும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். அன்றாடம் செய்ததைக் குறித்துவைக்கும் லாக் புக்கும் இருக்கும். கடிதத்துக்கு வேண்டிய சரக்கு முழுவதும் அந்த நோட்டில்தான் கிடக்கிறது.

ஒரு மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அவள் ஹவுஸ்கீப்பிங் துறைக்கு விண்ணப்பிக்கிறாள். முதல் வரைவில், "பயிற்சியின்போது ஹவுஸ்கீப்பிங்கின் எல்லா வேலைகளையும் கற்றேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். லாக் புக்கைப் புரட்டினால் மதிய நேரக் குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன: லாபியில் விருந்தினர் காத்திருப்பு, அறை தயாராகவில்லை.

இதன் பின்னணி வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. நம் ஊர் ஹோட்டல்கள் பலவற்றில் பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். புதிதாக வருபவருக்கு 2 மணிக்கு அறை தர வேண்டும். ஆள் காலி செய்த அறையைச் சுத்தம் செய்ய அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். ஆக, அந்த 2 மணி நேரத்தில் ஒரு ரூம் அட்டெண்டண்ட் இரண்டு முதல் நான்கு அறைகளைத்தான் முடிக்க முடியும். முடித்ததும் அறையைக் கொடுத்துவிட முடியாது. ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லி, கம்ப்யூட்டரில் அறையின் நிலையை மாற்றிய பிறகே வரவேற்பில் இருப்பவர் சாவி கொடுப்பார். எந்த அறை அவசரம் என்பது லாபியில் நிற்பவருக்குத் தெரியும். எந்த அறை முடிந்தது என்பது மாடியில் இருப்பவருக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டால், யாரும் கேட்காத அறை பளபளவென்று தயாராக இருக்கும். கைக்குழந்தையோடு வந்த குடும்பம் கீழே சோபாவில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மாணவி கவனித்தது இதைத்தான். அவளுடைய மாடியில் அறைகளை எண் வரிசைப்படி முடித்துக்கொண்டு போனார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, காலையிலேயே பிரண்ட் ஆபீஸிலிருந்து அன்று வருபவர்களின் பட்டியலை வாங்கி, சீக்கிரம் வருபவர்களுக்கு ஒதுக்கிய அறைகளை அட்டெண்டண்டுகளின் வேலைத்தாளில் வட்டமிட்டுக் கொடுத்தாள். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நன்றாக நடக்கும் ஹோட்டல்களில் இது வழக்கமாகவே இருக்கும். ஆனாலும் இரண்டு துறைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை ஒரு பயிற்சி மாணவி பார்த்தாள் என்பதே டிரெய்னி வேலைக்கான தகுதி. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் இரண்டாவது பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"ஹவுஸ்கீப்பிங் பயிற்சியில், சுத்தமான அறைகள் இருந்தும் விருந்தினர் லாபியில் காத்திருப்பதைப் பார்த்தேன். வருகைப் பட்டியல் மாடிக்கு வந்து சேராததே காரணம். சூப்பர்வைசரின் அனுமதியோடு, தினமும் காலையில் அந்தப் பட்டியலை வாங்கி, முதலில் தேவைப்படும் அறைகளை வேலைத்தாளில் குறித்துக் கொடுத்தேன். எந்த வரிசையில் செய்வது என்பதை அட்டெண்டண்டுகளே திருத்தினார்கள். தள்ளுவண்டியைத் திரும்பத் திரும்ப இழுக்காமல் அறைகளைச் சேர்த்துச் செய்யும் வழி அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். தன் யோசனையை அனுபவசாலிகள் திருத்தினார்கள் என்று அவள் தயங்காமல் எழுதுகிறாள். பயிற்சி மேலாளரின் கேள்விக்குப் பதில் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, "காத்திருப்பு நேரத்தை 40 சதவீதம் குறைத்தேன்" என்று எழுதச் சொல்லும் ஆட்கள் உண்டு. அவள் நேரத்தை அளக்கவே இல்லை. பிறகு அந்த எண் எங்கிருந்து வரும்? நேர்முகத்தில், "எப்படி அளந்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், கடிதம் முழுவதும் சரிந்துவிடும். "500 பேர் பங்கேற்ற விருந்தை நிர்வகித்தேன்" என்பதும் இதே ரகம்தான். பயிற்சி மாணவரிடம் பாங்கெட்டை ஒப்படைக்க மாட்டார்கள் என்பது ஹோட்டல்காரர்களுக்குத் தெரியும். "அந்த விருந்தில் பஃபே கவுண்டரை நிரப்பும் வேலை என்னுடையது" என்று எழுதினால் நம்புவார்கள்.

முதல் பத்தியில் எந்தத் துறைக்கு விண்ணப்பம் என்பது வந்துவிட வேண்டும். சில குழுமங்கள் ஆரம்பத்திலேயே துறையைப் பிரித்து ஆள் எடுக்கின்றன. ஓபராய் குழுமம் தில்லியில் நடத்தும் 2 ஆண்டுப் பயிற்சியில் ஹவுஸ்கீப்பிங்கும் கிச்சனும் தனித்தனிப் பிரிவுகள். அப்படிப்பட்ட இடத்துக்கு, "எந்தத் துறையானாலும் சரி" என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். படிப்பவருக்கு அது முடிவெடுக்காத பிள்ளையாகத்தான் தெரியும். எல்லாத் துறைகளையும் சுழற்றும் ஹோட்டல் என்றால், விருப்பத் துறையைச் சொல்லிவிட்டு மற்றவற்றுக்கும் தயார் என்று எழுதலாம்.

மூன்றாவது பத்தி சின்னது. இறுதித் தேர்வு முடிவு எப்போது வரும், எந்தத் தேதியிலிருந்து சேர முடியும், வேறு ஊருக்கு அனுப்பினால் போவாரா என்ற மூன்றும் போதும். கடைசிக் கேள்வியை வீட்டில் பேசி முடித்துவிட்டு எழுத வேண்டும். டிரெய்னியை ஜெய்ப்பூருக்கோ கோவாவுக்கோ அனுப்புவது சாதாரணம். கடிதத்தில் சம்மதம் என்று எழுதிவிட்டு, தேர்வான பிறகு "அப்பா வேண்டாம்னு சொல்றார் சார்" என்று போன் செய்யும் பிள்ளைகளால், அதே கல்லூரியிலிருந்து அடுத்த வருடம் வருபவர்களுக்கும் சிரமம். அரியர் இருந்தால் அதையும், எழுதப்போகும் மாதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். சான்றிதழ் சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும் விஷயம் அது.

அனுப்புமுன் ஹோட்டலின் பெயரை மட்டும் ஒருமுறை தனியாகப் பார்க்க வேண்டும். ஐந்து இடங்களுக்கு ஒரே கடிதத்தை மாற்றி மாற்றி அனுப்பும்போது, மேலே ஒரு ஹோட்டலின் பெயரும் கடைசிப் பத்தியில் வேறொன்றின் பெயரும் நின்றுவிடுகின்றன. விருந்தினரின் பெயரைத் தப்பாகச் சொல்லக் கூடாது என்று முதல் நாளே கற்றுக்கொடுக்கும் தொழிலில், இந்தப் பிழைக்கு மன்னிப்புக் கிடைப்பது அரிது.