கறுத்த பெண்ணுக்கு எந்தச் சிவப்பு?

மாரிகுப்பத்தில் என் அக்காள் மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டில் நடந்த வாக்குவாதம் நகையைப் பற்றியதல்ல, உதட்டுச்சாயத்தைப் பற்றியது. "கறுத்த பொண்ணுக்கு எதுக்குடி பளிச்சுன்னு? லேசா ரோஸ் போட்டா போதும்" என்றார் பெரியம்மா. மணப்பெண் தலைகுனிந்து ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்த வெளிர் ரோஸைப் பூசிப் பார்த்தோம். உதடு சாம்பல் பூத்தாற்போல் ஆகி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலத் தெரிந்தாள். குற்றம் அவள் நிறத்தில் இல்லை. வெளிர் சாயங்களில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடி அதிகம் கலந்திருக்கும். சிவந்த உதட்டில் அது உறுத்தாது. கறுத்த உதட்டில் சுண்ணாம்பு பூசினாற்போல் தனித்து நிற்கும்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிக்குப் போனோம். புறங்கையில் தீட்டிப் பார்ப்பதை விட விரல் நுனியில் தீட்டுவது நல்லது. அதன் நிறம் உதட்டுக்குக் கொஞ்சம் நெருக்கம். கடை விளக்கை நம்பாமல் விரலை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தோம். லேசாகத் துடைத்த பிறகு வெள்ளைப் படலம் தங்கினால் அதை விட்டுவிட வேண்டியதுதான். காலை முகூர்த்தத்துக்குச் செங்கல் சிவப்பு கிடைத்தது. மெல்லியதாக ஒரு பூச்சு, அதைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தால் போதும்.

மாலை வரவேற்புக்குத்தான் யோசனை தேவைப்பட்டது. மஞ்சள் விளக்கில் நீலம் குறைவு. ஆகவே நாவல்பழ நிறம் அங்கே கறுத்துவிடும், ஆரஞ்சு நிறமோ வெளிச்சத்தோடு கரைந்து போகும். சிவப்பு தூக்கலான மெரூன் எடுத்தோம். வெள்ளை விளக்குப் போடும் மண்டபமானால் நாவல்பழ நிறமும் எடுக்கும். மண்டபத்தில் என்ன விளக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவளுக்கு மேலுதடு கறுப்பு, கீழுதடு ரோஸ். நம்மில் பலருக்கும் அப்படித்தான். ஒரே சாயம் இரண்டு நிறமாகத் தெரிந்தது. முதலில் கீழுதட்டை மட்டும் பழுப்பு மெரூன் பென்சிலால் நிரப்பி, அதன்மேல் இரண்டையும் சேர்த்துப் பூசியதும் சமமாயிற்று.

மாநிறமான தங்கைக்கு அதே செங்கல் சிவப்பு பகலில் பாந்தமாக இருந்தது. இரவுக்கு மிளகாய்ப் பழச் சிவப்பு. நல்ல சிவந்த நிறமுள்ள என் தம்பி மனைவிக்குப் பகலில் அந்த மெரூனைப் போட்டால் முகத்தில் உதடு மட்டும்தான் தெரிந்தது. பெரியம்மா ஒதுக்கிவைத்த வெளிர் ரோஸ் அவளுக்குப் பொருந்தியது. இரவில் செர்ரிச் சிவப்பு.

பந்தியில் சாப்பிட்ட பிறகு நடுவில் சாயம் போய் ஓரம் மட்டும் வளையமாக நின்றது. அதன்மேலேயே மறுபடி பூசினால் திட்டுத்திட்டாகும். தேங்காயெண்ணெய் தொட்டு முழுக்கத் துடைத்து, எண்ணெய்ப் பசை போக ஒற்றிவிட்டுப் பூசினேன். வரவேற்புப் படத்தைப் பார்த்த பெரியம்மா கேட்டது, "என்ன கலர்டி அது?" என்றுதான்.