பித்தப்பை வலி: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

பித்தப்பையில் கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். வலி எதுவும் இல்லையென்றால் அதைச் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் மருத்துவர்களும் பொதுவாகச் சொல்வார்கள். தொல்லை தொடங்குவது, அந்தக் கல் பையின் கழுத்துக்கு வந்து சேரும்போது.

எண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி, தன்னிடமுள்ள பித்தநீரைக் குடலுக்குத் தள்ளும். அந்த நேரத்தில் கல் ஒன்று, கோலி சோடா பாட்டிலின் கழுத்தில் கோலி ஏறி அடைப்பதுபோல், வாயை அடைத்துக்கொள்கிறது. பை அடைப்பை எதிர்த்து முக்குகிறது. மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி எழும்பி, ஒரே பிடியாக நிற்கிறது. சிலருக்கு வலது தோள்பட்டை எலும்புவரை போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கல் மறுபடி பைக்குள் விழுந்துவிட்டால் வலி விட்டுப்போகும். மறுநாள் எதுவும் நடக்காததுபோல் வேலைக்குப் போகலாம். காய்ச்சல் இராது, ரத்தப் பரிசோதனையிலும் கோளாறு தெரியாது. இதுதான் வெறும் பித்தப்பை வலி.

கல் விழாமல் அங்கேயே நின்றுவிட்டால் கதை வேறு. தேங்கிய பித்தநீர் பையின் உட்சுவரை எரிச்சலூட்டுகிறது. சுவர் நீர் கோத்து வீங்குகிறது. கிருமியும் பின்னால் வந்து சேரலாம். இதைத்தான் பித்தப்பை அழற்சி என்கிறோம். இரண்டுக்கும் நடுவே மருத்துவர்கள் போடும் கோடு சுமார் 6 மணி நேரம். அதைத் தாண்டியும் விடாத வலியை 'வாயுப் பிடிப்பு' என்று சோடாவும் ஜெலுசிலும் குடித்துக் கழிப்பது ஆபத்து.

நடப்பதைப் புரிந்துகொள்ள ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 48, சர்க்கரை நோய் உண்டு. கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை இரவில் வலி வந்து, தானே போயிருக்கிறது. நான்காவது முறை, சனிக்கிழமை பிரியாணி சாப்பிட்ட பிறகு பத்து மணிக்குத் தொடங்கியது விடியும்வரை விடவில்லை. இரண்டு முறை வாந்தி. காலையில் காய்ச்சல் 101 டிகிரி.

மருத்துவமனையில் முதலில் ஈசிஜி எடுக்கிறார்கள். மாரடைப்பும் மேல் வயிற்று வலியாக வேடம் போடும், அதுவும் சர்க்கரை நோயாளிகளிடம். அது சரியாக இருக்கிறது. பிறகு மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்து, மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்கிறார். ஈரல் கீழே இறங்கி, வீங்கிய பித்தப்பை விரலில் இடித்ததும் அவருக்கு மூச்சு பாதியில் நிற்கிறது. சிகாகோவைச் சேர்ந்த ஜான் மர்ஃபி என்ற அறுவை மருத்துவரின் பெயரில் வழங்கும் சோதனை இது. நூறாண்டு தாண்டியும் செல்லுபடியாகிறது. ரத்தத்தில் வெள்ளையணுக்கள் 15,000. ஸ்கேனில் கழுத்தில் சிக்கிய கல் தெரிகிறது. 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய சுவர் 6 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, பையைச் சுற்றிக் கொஞ்சம் நீர். மஞ்சள் காமாலைக்கான அளவுகள் சரியாக இருப்பதால், கல் பொதுப் பித்தக்குழாய்க்கு நழுவியிருக்கும் வாய்ப்பு குறைவு.

டிரிப்ஸ், வலி ஊசி, ஆன்டிபயாடிக் ஏறுகின்றன. திங்கட்கிழமை வலி பாதியாகக் குறைகிறது. கணவர் கேட்கிறார்: “இப்பதான் நல்லா இருக்காளே டாக்டர். பொண்ணுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் வந்து பண்ணிக்கிறோமே?”

“வலி அடங்கினது ஊசியால சார். கல்லு அங்கயேதான் இருக்கு. நாளைக்கே எடுத்துடலாம்.”

ஒரு காலத்தில் மருத்துவர்களே கணவரின் கட்சியில்தான் இருந்தார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிச் மூஹே லேப்ராஸ்கோப்பி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். அந்த முறை பரவிய தொடக்கக் காலத்தில், அழற்சி இருக்கும்போது அப்படி அறுவை செய்யக்கூடாது, மருந்தில் ஆறவைத்துச் சில வாரம் கழித்துச் செய்வதே பத்திரம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வயிற்றுக்குள் நிலவரம் அப்படி இல்லை. முதல் சில நாட்களில் வீக்கம் பெரும்பாலும் நீர்க்கோவைதான்; பையை ஈரலிலிருந்து பிரிக்க அந்த நீரே வழிவிடுகிறது. வாரம் கடந்தால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகத் தொடங்கும். பையின் குழாய் எது, பொதுப் பித்தக்குழாய் எது என்று அடையாளம் காண்பதே சிரமமாகிவிடும். தவறான குழாய் வெட்டுப்படுவதுதான் இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சும் விபத்து.

இந்தப் பழைய வழக்கத்தை ஜெர்மானியர்களே சோதித்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான ஆய்வில் 618 நோயாளிகள். ஒரு பாதிக்கு 24 மணி நேரத்துக்குள் அறுவை. மறுபாதிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து, 7ஆம் நாளிலிருந்து 45ஆம் நாளுக்குள் அறுவை. உடனே செய்தவர்களில் சிக்கல் வந்தது 100க்குச் சுமார் 12 பேருக்கு. தள்ளிப்போட்டவர்களில் 34 பேருக்கு. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்று பிரிட்டனின் வழிகாட்டுதல், நோய் உறுதியானதிலிருந்து ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. நோய் தொடங்கிப் பத்து நாள் தாண்டி வருபவரிடம், நிலைமை இடம்கொடுத்தால், சுமார் ஆறு வாரம் பொறுத்துச் செய்வதை மருத்துவர் விரும்பலாம். ஒட்டல் உச்சத்தில் இருக்கும் அந்த இடைக்காலம்தான் கத்தி வைக்க மோசமான நேரம்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். கல் நகர்ந்து, அழற்சி தணிந்து போகிறவர்கள் உண்டு. ஆனால் வலி மீண்டும் கிளம்பி, திட்டமிடாத நேரத்தில் அவசரமாகத் திரும்பி வருபவர்கள் நிறைய. பையில் சீழ் கட்டலாம். சுவருக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று பை அழுகலாம், ஓட்டையும் விழலாம். அழுகும்போது நரம்பும் சேர்ந்து செத்துப்போவதால் வலி குறைந்துவிடுவது உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே வலி மட்டாக இருக்கலாம். அதனால்தான் அந்த மருத்துவர் வலியை மட்டும் கேட்டு முடிவெடுக்கவில்லை. காய்ச்சல், நாடித்துடிப்பு, வெள்ளையணுக்கள் எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்றும் பார்த்தார்.

மேசையில் படுக்கவே தாங்காது என்று தோன்றும் நோயாளிகளுக்கு, விலா வழியாக ஊசி செலுத்திப் பையிலிருந்து நீரை வடிக்கும் குழாய் வைப்பார்கள். அது சின்ன வேலை என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்தோம். 2018இல் நெதர்லாந்து ஆய்வொன்று, அபாயம் அதிகமுள்ள நோயாளிகளில்கூடக் குழாய் வைத்தவர்களுக்கே பெரிய சிக்கல்கள் பலமடங்கு அதிகம் வந்ததைக் காட்டியது. உயிருக்கே ஊசலாடும் நிலையில் இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குக் குழாய் இன்னும் பயன்படுகிறது.

இந்த அவசரத்தை வெறும் பித்தப்பை வலிக்கும் ஏற்றிவிடக்கூடாது. முதல் மூன்று இரவுகளில் அவரை அறுவைக்கூடத்துக்கு ஓட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. வலி மருந்து, ஒரு ஸ்கேன், பிறகு வசதியான தேதி: அது போதும். பிரிட்டனில் 2023இல் வெளியான ஆய்வில், அறுவையின்றிக் கவனித்துவந்தவர்களில் ஒன்றரை ஆண்டுக்குள் நான்கில் ஒருவருக்குத்தான் அறுவை நடந்தது. ஆனால் தேதியைக் குறிக்காமலே விடுவது அவரவர் எடுக்கும் அபாயம். கல் பொதுக்குழாயில் இறங்கினால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும், குளிருடன் காய்ச்சல் வரும். கணையம் வீங்கினால் வலி முதுகைத் துளைக்கும். இவற்றில் எது வந்தாலும், ஆறு மணி நேரம் ஆகட்டும் என்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.