பங்கிலாப வரலாற்றை வாசிப்பது எப்படி?

"இது வருடா வருடம் ஒழுங்காகப் பங்கிலாபம் கொடுக்கிற கம்பனி." பங்கு வாங்கச் சொல்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம் இது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை வருடமாக இடைவெளி இல்லாமல் கொடுக்கிறது? கொடுக்கும் தொகை எவ்வளவு சீராக இருக்கிறது? இரண்டுக்கும் விடை சொல்லக்கூடிய ஆவணம், அந்தக் கம்பனியின் பங்கிலாப வரலாறுதான். அதை வாசிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், சதவீதம் தெரிந்தால் போதும்.

கல்முனையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசை என்ன செய்வது என்பது பல வீடுகளில் பேசப்படும் விடயம். என் சாச்சியிடமும் ஒருவர் இதே வசனத்தைச் சொல்லியிருந்தார். "நீ கொமர்ஸ் படிக்கிற புள்ளதானே, மெய்யா என்று ஒருக்காப் பார்த்துச் சொல்லு மகள்" என்று சாச்சி கேட்டா. கட்டாரில் சாச்சா எட்டு வருடம் உழைத்த சல்லி அது. "ஓம்" என்றோ "இல்லை" என்றோ சும்மா சொல்ல முடியாது. பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முறையை, நம் எல்லோருக்கும் பெயர் தெரிந்த ஒரு கம்பனியை வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பங்கிலாபம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். கம்பனி உழைத்த இலாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதியே பங்கிலாபம். அது வட்டியைப் போல முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்ட தொகை அல்ல. கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பதை முதலில் பணிப்பாளர் சபை தீர்மானிக்கும். சபை விரும்பினாலும் எப்போதும் கொடுத்துவிட முடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் ஒரு சோதனையை வைத்திருக்கிறது. பங்கிலாபத்தைக் கொடுத்த பிறகும் கம்பனியால் தன் கடன்களை உரிய நேரத்தில் கட்ட முடிய வேண்டும். அதன் சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்த தொகையைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். ஆகவே வரலாற்றில் ஒரு வருடம் வெறுமையாக இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வாசிப்பவர் தேட வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

தரவுகளை இரண்டு இடங்களில் எடுக்கலாம். ஒன்று, கொழும்புப் பங்குச் சந்தையின் cse.lk என்ற இணையத்தளம். அங்கே கம்பனியின் குறியீட்டைக் கொடுத்தால் அதன் அறிவித்தல்கள் வரும். டயலொக் ஆசிஆட்டா கம்பனிக்கு அந்தக் குறியீடு DIAL.N0000. மற்றையது கம்பனியின் ஆண்டறிக்கை. பல ஆண்டறிக்கைகளின் பின்பகுதியில் பல வருட எண்களை ஒரே பக்கத்தில் தரும் சுருக்கம் ஒன்று இருக்கும். ஒரு வருட அறிக்கையோடு நிற்காமல், சில வருடங்களுக்கு முந்தைய அறிக்கையையும் எடுத்தால் வரலாறு பின்னோக்கி நீளும்.

இப்போது டயலொக்கைப் பார்ப்போம். அது 2005இல் பங்கொன்று 12 ரூபா வீதம் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்றுச் சந்தைக்கு வந்தது. எல்லா வருடங்களையும் இங்கே அடுக்காமல், கற்றுக்கொள்ளக் கூடுதலாக உள்ள ஆறு வருடங்களை மட்டும் எடுக்கிறேன். சாதாரண பங்கொன்றுக்கான பங்கிலாபம் இது:

2008 – இல்லை
2009 – இல்லை
2010 – 20 சதம்
2016 – 39 சதம்
2017 – 46 சதம்
2018 – 37 சதம்

இதை வாசிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, வருடம் என்பது எந்த வருடம் என்பதாகும். மேலே உள்ளவை இலாபம் உழைக்கப்பட்ட வருடங்கள். 2010ஆம் ஆண்டுக்கான 20 சதம் பங்குதாரரின் கைக்குப் போனது 2011இல். கணக்குகள் முடிந்து, வருடாந்தப் பொதுக்கூட்டம் அங்கீகரித்த பிறகே இறுதிப் பங்கிலாபம் செலுத்தப்படும். சில அட்டவணைகள் உழைத்த வருடத்தையும் சில அட்டவணைகள் செலுத்திய வருடத்தையும் போடுகின்றன. இரண்டையும் கலந்துவிட்டால், இல்லாத இடைவெளி இருப்பதாகத் தோன்றும். அல்லது இருக்கும் இடைவெளி மறைந்துபோகும்.

அடுத்தது முதலாவது கேள்வி: எத்தனை வருடம்? "2005இல் சந்தைக்கு வந்த, பங்கிலாபம் கொடுக்கும் கம்பனி" என்று ஒருவர் சொன்னால் அதில் பொய் இல்லை. ஆனால் இடைவிடாத வருடங்களை எண்ணுவதானால், 2005இலிருந்து தொடங்க முடியாது. 2008, 2009 ஆகிய இரண்டு வருடங்களிலும் கம்பனி நட்டம் கண்டது. 2009இன் நட்டம் மட்டும் 1,200 கோடி ரூபாவைத் தாண்டியது. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசிக் கம்பனிகளுக்கிடையே கடும் விலைப்போட்டி இருந்தது. 2009 ஜனவரியில் ஐந்தாவது கம்பனியாக எயார்டெல்லும் வந்து சேர, அழைப்புக் கட்டணங்கள் மேலும் இறங்கின. பாவனையாளருக்கு அது நல்ல காலம். பங்குதாரருக்கோ பங்கிலாபம் இல்லாத காலம். அந்த இடைவெளிக்குப் பிறகு எண்ணிக்கை புதிதாக 2010இலிருந்துதான் தொடங்கும்.

இதை ஒரு குடும்பத்தின் கணக்காகப் பார்த்தால் நன்றாக விளங்கும். 2005இல் 1,000 பங்குகளை 12,000 ரூபாவுக்கு வாங்கியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைப்போம். 2008க்கும் 2009க்கும் அவருக்கு ஒரு சதமும் இல்லை. 2010க்கு 200 ரூபா. 2017க்கு 460 ரூபா, அதாவது அவர் போட்ட முதலில் 4 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. இதிலிருந்தும் வரி கழியும். வரலாற்று அட்டவணைகளில் இருப்பது வரிக்கு முந்தைய தொகை. 2023 ஜனவரி முதல் பங்கிலாபத்தில் 15 வீதம் வரியாகக் கழிக்கப்பட்டே கைக்கு வருகிறது. மாதச் செலவுக்கு அந்தக் காசை நம்பியிருந்த வீடு என்றால், அந்த இரண்டு வெறும் வருடங்களின் கனம் சொல்லாமலே புரியும்.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு சீர்? 2017இல் 46 சதமாக இருந்தது 2018இல் 37 சதமாக இறங்கியிருக்கிறது. பார்த்தவுடன் கம்பனி கையை இறுக்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அப்படித் தீர்மானிப்பதற்கு முன் இலாபத்தோடு ஒப்பிட வேண்டும். கம்பனியிடம் அப்போது ஏறத்தாழ 814 கோடி பங்குகள் இருந்தன. 46 சதத்தை 814 கோடியால் பெருக்கினால் சுமார் 374 கோடி ரூபா. 2017இன் தேறிய இலாபம் சுமார் 1,080 கோடி ரூபா. ஆகவே இலாபத்தில் 35 வீதம் பங்குதாரருக்குப் போயிருக்கிறது. 2018இல் 37 சதம் என்பது சுமார் 301 கோடி. அந்த வருட இலாபம் சுமார் 750 கோடி. இப்போது விகிதம் 40 வீதம்.

கை இறுகவில்லை, சற்று விரிந்திருக்கிறது. குறைந்தது இலாபம். 2018இல் டொலருக்கு எதிராக ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. டொலரில் கடன் வைத்திருக்கும் கம்பனிக்கு, அதே கடன் ரூபாவில் கூடிவிடும். அந்த நட்டம் இலாபத்தைக் குறைக்க, பங்கிலாபமும் கூடவே இறங்கியது. இதிலிருந்து அந்த இரண்டு வருடங்களில் இந்தக் கம்பனியின் போக்கு ஒன்று தெரிகிறது: அது நிலையான சதத்தைக் காப்பாற்றவில்லை, இலாபத்தில் ஏறத்தாழ ஒரே பங்கைக் கொடுத்தது. அப்படிக் கொடுத்தால், இலாபம் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். இதற்கு நேர்மாறான கம்பனிகளும் உண்டு. இலாபம் குறைந்த வருடத்திலும் சதத்தைக் குறைக்காமல் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட வரலாறு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விகிதம் 100 வீதத்தைத் தாண்டி இரண்டு மூன்று வருடம் போனால், பழைய சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ கொடுக்கிறார்கள் என்று பொருள். அது நெடுநாள் நீடிக்காது.

எண் இறங்கியது போலக் காட்டும் இன்னொரு விடயமும் உண்டு. 2024இல் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் தன் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தது. முன்பு ஒரு பங்குக்கு 50 சதம் கொடுத்தது, பிரித்த பிறகு 5 சதம் கொடுத்தால், பங்குதாரர் பெறும் மொத்தம் மாறவில்லை. அவரிடம் ஒன்றுக்குப் பத்துப் பங்குகள் இருக்கின்றன. ஆனால் திருத்தப்படாத அட்டவணையில் அது பத்தில் ஒன்றாக விழுந்தது போலத் தெரியும். ஆகவே சதம் திடீரென்று பெரிதாக மாறும் வருடத்தில், பங்குகளின் எண்ணிக்கையும் மாறியதா என்று பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

நீண்ட வரலாறு இருந்தால் பயமில்லையா? உலகப் பெரும் எண்ணெய்க் கம்பனிகளில் ஒன்றான ஷெல், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 2020 வரை ஒருமுறையும் பங்கிலாபத்தைக் குறைக்காமல் இருந்தது. கொரோனாக் காலத்தில் எண்ணெய் விலை சரிந்தபோது, 2020 ஏப்ரலில், மூன்று மாதத்துக்கான 47 அமெரிக்கச் சதத்தை ஒரேயடியாக 16 சதமாக்கியது. சில நேரம் காரணம் கம்பனிக்கு வெளியிலும் இருக்கும். அதே 2020 மேயில் இலங்கை மத்திய வங்கி, வங்கிகள் காசாகப் பங்கிலாபம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தியது. நீண்ட வரலாறு கடந்த காலச் சோதனைகளில் கம்பனி எப்படி நடந்துகொண்டது என்பதைச் சொல்லும். அடுத்த சோதனைக்கு அது பிணை நிற்காது.

ஆகவே ஒரு தாளை எடுத்து ஐந்து நிரல்கள் கீறுங்கள்: இலாபம் உழைத்த வருடம், பங்கொன்றுக்கான சதம், பங்குகளின் எண்ணிக்கை, தேறிய இலாபம், கொடுத்த விகிதம். குறைந்தது பத்து வருடங்களை நிரப்புங்கள். அதற்குள் நாடு கண்ட 2020உம் 2022உம் கட்டாயம் இருக்க வேண்டும். நல்ல வருடங்களில் எல்லாக் கம்பனிகளும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிறகு சதம் குறைந்த, அல்லது வெறுமையாக விடப்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். அந்த வருட ஆண்டறிக்கையில் தலைவரின் அறிக்கையை வாசித்தால் பெரும்பாலும் காரணம் கிடைக்கும். காரணம் எழுத முடியாத வருடம் ஒன்று மிஞ்சினால், அதற்கு விடை கிடைக்கும்வரை காசு வீட்டிலேயே இருக்கட்டும்.